அப்டேட் போட்ட பிறகு போன் மந்தமானது: கம்பெனியின் வேலையா, பேட்டரியின் வயதா?

வாசகி கடிதம்

என் கணவரும் நானும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் போனை ஒரே நாளில் வாங்கினோம். நாலு வருடம் ஆகப்போகிறது. இரண்டு மாதம் முன்பு இரண்டு போனிலும் ஒரே வாரத்தில் பெரிய அப்டேட் போட்டோம். அன்றிலிருந்து என் போன் மட்டும் திணறுகிறது. டைப் செய்தால் எழுத்து தாமதமாக வருகிறது, கேமரா திறக்கவே நேரமாகிறது. 30 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே இரண்டு முறை தானாக அணைந்துபோனது. சார்ஜரில் போட்டிருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. பேட்டரி நலம் 84 சதவீதம் என்று காட்டுவதால் பேட்டரி காரணம் இல்லை. புது போன் வாங்க வைக்கத்தான் அப்டேட்டில் வேகத்தைக் குறைக்கிறார்கள் என்கிறான் என் தம்பி. பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாமா? இனி அப்டேட்டே போடாமல் விடலாமா? கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?

போன் பழுதுபார்ப்புப் பொறியாளரின் பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பி சொல்வதை வெறும் வதந்தி என்று நான் தள்ளிவிட மாட்டேன். அப்டேட் மூலம் பழைய போனின் வேகத்தைக் குறைத்தது உண்மையாகவே நடந்திருக்கிறது. குறைத்த நிறுவனமே பிறகு அதை ஒப்புக்கொண்டும் இருக்கிறது. ஆனால் ஏன் குறைத்தார்கள் என்பதில்தான் தம்பியின் கணக்கு தவறுகிறது. காரணம் தெரிந்தால்தான் உங்கள் போனுக்கு என்ன செய்வது என்பதும் தெளிவாகும்.

2017 ஜனவரியில் ஆப்பிள் ஐஓஎஸ் 10.2.1 என்ற அப்டேட்டை வெளியிட்டது. அதற்கு முன்பு ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்த பலருக்கு, சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே போன் அணைந்துபோகும் தொல்லை இருந்தது. அப்டேட்டுக்குப் பிறகு அது பெருமளவு நின்றது. எப்படி நின்றது என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் ஒரு பயனர், தன் ஐபோன் 6எஸ்ஸில் பேட்டரி மாற்றுவதற்கு முன்பும் பின்பும் கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனைச் செயலியை ஓட்டி, வந்த மதிப்பெண்களை இணையத்தில் போட்டார். எண் கூடினால் வேகம் கூடுதல் என்று பொருள். சிப்பின் ஒரு கோரை மட்டும் சோதிக்கும் ஒற்றைக் கோர் மதிப்பெண் பழைய பேட்டரியில் 1466, புதிய பேட்டரியில் 2526. போன் அதே, வெர்ஷன் அதே, மாறியது பேட்டரி மட்டும்தான்.

அடுத்து ஜான் பூல் செய்ததுதான் என் பார்வையில் இந்த விவகாரத்தின் மிக முக்கியமான வேலை. கீக்பெஞ்ச்சை உருவாக்கியவர் அவர். உலகம் முழுவதிலிருந்தும் ஐபோன் 6எஸ் பயனர்கள் ஓட்டிய சோதனைகளின் மதிப்பெண்கள் அவரிடம் குவிந்திருந்தன. அவற்றை ஐஓஎஸ் வெர்ஷன் வாரியாகப் பிரித்து, எந்த மதிப்பெண்ணை எத்தனை போன்கள் பெற்றன என்று வரைபடம் போட்டார். 10.2.0 வெர்ஷனில் கிட்டத்தட்ட எல்லாப் போன்களும் ஒரே இடத்தில் குவிந்து ஒரே முகடாகத் தெரிந்தன. 10.2.1 வந்ததும் அதைவிடக் குறைந்த மதிப்பெண்களில் தனித்தனியாகச் சிறு முகடுகள் முளைத்தன. 11.2 வெர்ஷனில் அவை இன்னும் பெரிதாகின.

இது ஏன் முக்கியம்? மென்பொருள் கனத்துப் போனதுதான் காரணம் என்றால் எல்லாப் போன்களும் ஒரே அளவில் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்திருக்கும், அதாவது ஒரே முகடு மொத்தமாக இடம் மாறியிருக்கும். எல்லோரையும் மந்தமாக்கிப் புதுசு வாங்க வைக்கும் திட்டம் என்றாலும் அப்படித்தான் தெரிந்திருக்கும். ஆனால் சில போன்கள் முழு வேகத்திலேயே இருக்க, சில மட்டும் குறிப்பிட்ட படிகளில் கீழே இறங்கியிருந்தன. போனின் உள்ளே ஏதோ ஒன்றைப் பார்த்து, அதற்கேற்ப வேகத்துக்கு மேல்வரம்பு வைக்கும் ஓர் ஏற்பாடு இருந்தால்தான் இப்படி வரும். ஓரிரு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது: பேட்டரி தளர்ந்த போன்களில், திடீரென அணையாமல் இருக்க, சிப்பின் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம் என்றது.

ஒரே மாடல், ஒரே வாரம், ஒரே அப்டேட், ஒன்று மட்டும் மந்தம் என்று நீங்கள் எழுதியிருப்பது அந்த வரைபடத்தின் சின்ன நகல். வெர்ஷனின் கனம்தான் காரணம் என்றால் உங்கள் கணவரின் போனும் திணறியிருக்க வேண்டும்.

84 சதவீதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் முக்கியமான இடம் இதுதான். பேட்டரி நலம் என்று திரையில் காட்டும் சதவீதம் கொள்ளளவைப் பற்றியது. புதிதாக இருந்தபோது கொண்ட மின்சாரத்தில் இப்போது எவ்வளவு கொள்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஒரே நொடியில் எவ்வளவு வேகமாக மின்சாரத்தை வெளியே தள்ள முடியும் என்பது வேறு விஷயம். தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் குழாயில் உப்புப் படிந்து வழி குறுகிவிட்டது. மெதுவாகத் திறந்தால் தண்ணீர் வரும், ஒரே நேரத்தில் நிறையக் கேட்டால் வராது. பேட்டரியில் அந்தக் குறுகலுக்குப் பெயர் உள்மின்தடை. வயது ஏற ஏற, குறிப்பாக வெப்பத்தில் கிடந்து வயதாகும்போது, அது கூடிக்கொண்டே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக எண்களை எளிமையாக்கியிருக்கிறேன். 30 சதவீத சார்ஜில் பேட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 3.7 வோல்ட் தரும். கேமராவைத் திறக்கும் கணத்தில் சிப், திரை, கேமரா எல்லாம் சேர்ந்து 3 ஆம்பியர் இழுக்கின்றன என்று வையுங்கள். புதிய பேட்டரியின் உள்தடை 0.1 ஓம் என்றால் 0.3 வோல்ட் உள்ளேயே வீணாகும், போனுக்கு 3.4 வோல்ட் கிடைக்கும். வேலை நடக்கும். தளர்ந்த பேட்டரியில் தடை 0.3 ஓம் என்றால் 0.9 வோல்ட் போய் 2.8 வோல்ட்தான் மிஞ்சும். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் சுற்றுகள் தாங்காது என்று வைத்தால், போன் அந்தக் கணத்திலேயே அணைந்துவிடும். முழு சார்ஜில் இதே பேட்டரி 4.3 வோல்ட் அளவில் இருப்பதால், 0.9 போனாலும் 3.4 மிஞ்சும். அதனால்தான் காலையில் நன்றாக இருக்கும் போன் மாலையில் அணைகிறது. குளிரில் தடை இன்னும் கூடும் என்பதால் அங்கே இது மோசமாகும்.

இப்போது மென்பொருள் குறுக்கே வந்து, மொத்த இழுப்பு 2 ஆம்பியரைத் தாண்டாதபடி சிப்பின் வேகத்துக்கு வரம்பு வைத்தால் இழப்பு 0.6 வோல்ட்தான். 3.1 வோல்ட் மிஞ்சும், போன் அணையாது. அதற்கு விலை, நீங்கள் பார்க்கும் மந்தம். சார்ஜரில் போட்டதும் பரவாயில்லை என்றீர்களே, அதற்கும் விளக்கம் இதுதான். தேவையான மின்சாரத்தில் ஒரு பங்கை சார்ஜர் தந்துவிடுவதால் பேட்டரியின் மேல் இருந்த இழுப்பு குறைகிறது.

உங்களிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, அணைந்ததும் உண்டு, மந்தமும் உண்டு. பேட்டரி தளர்வுதான் முதல் சந்தேகம் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனாலும் சந்தேகத்தின் பேரில் பணம் செலவழிக்க வேண்டாம். சோதித்துவிட்டே முடிவு செய்யலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது போன் பலருக்கு அமையாது. உங்களுக்கு அமைந்திருக்கிறது.

இரண்டு போனிலும் கீக்பெஞ்ச்சின் ஒரே வெர்ஷனை நிறுவுங்கள். வெவ்வேறு வெர்ஷன்களின் மதிப்பெண்களை ஒப்பிடக் கூடாது, அளவுகோலே மாறிவிடும். மின்சேமிப்பு முறை இயங்கினால் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் அதுவும் வேகத்தைக் குறைக்கும். போன் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது ஓட்டுங்கள். சூடான போன் எந்த வயதிலும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அது வேறு பாதுகாப்பு ஏற்பாடு. 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது இடைவெளி விட்டு மூன்று தடவை, 30 சதவீதத்தில் மூன்று தடவை, பிறகு அதே 30 சதவீதத்தில் சார்ஜரில் போட்டவுடன் ஒரு தடவை ஓட்டுங்கள். உங்கள் மாடலுக்கு மற்றவர்கள் பெற்ற சராசரியும் கீக்பெஞ்ச் தளத்தில் கிடைக்கும்.

உங்கள் போன் முழு சார்ஜில் கணவரின் போனுக்கு நெருக்கமாகவும், 30 சதவீதத்தில் வெகுவாகக் கீழேயும், சார்ஜரில் மறுபடி மேலேயும் வந்தால் பேட்டரிதான், வேறு தேட வேண்டாம். எல்லா நிலையிலும் கீழேயே இருந்தாலும் பேட்டரியாக இருக்கலாம், ஏனென்றால் ஒருமுறை அணைந்த பிறகு வரம்பை நிரந்தரமாகவே வைக்கும் போன்கள் உண்டு. சில போன்கள் பேட்டரி பக்கத்திலேயே அப்படி ஒரு குறிப்பைக் காட்டும். சதவீதத்துக்குக் கீழே உள்ள அந்த வரிகளையும் படித்துப் பாருங்கள்.

மதிப்பெண் எல்லா நிலையிலும் கணவரின் போன் அளவுக்கே இருந்து, ஆனால் செயலிகள் திறப்பது மட்டும் தாமதம் என்றால் கதை வேறு. இந்தச் சோதனை சிப்பின் கணக்கு வேகத்தைத்தான் அளக்கும், சேமிப்பகம் நிரம்பியிருப்பதோ ராம் போதாமல் போவதோ அதில் அவ்வளவாகத் தெரியாது. உங்கள் போனில் சேமிப்பகம் விளிம்புவரை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். போனின் சேமிப்பகமான ப்ளாஷ் நினைவகத்தில் புதிதாக எழுதக் காலியான தொகுதிகள் வேண்டும். இடம் இல்லாதபோது பழையதை நகர்த்தி, அழித்து, பிறகுதான் எழுத முடியும் என்பதால் ஒவ்வொரு சின்ன வேலையும் இழுக்கும். பத்தில் ஒரு பங்காவது காலியாக வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

மென்பொருளின் கனம் என்பதும் பொய்யில்லை. பெரிய அப்டேட் போட்ட முதல் சில நாட்கள் போன் புகைப்படங்களை அலசும், தேடலுக்கான அட்டவணையை மறுபடி கட்டும், செயலிகளைப் புது வெர்ஷனுக்கு ஏற்பச் சீராக்கும். அந்த நாட்களில் சூடும் மந்தமும் இயல்பு. உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டதால் அது பொருந்தாது. வருடங்கள் போகப் போக, தினமும் பயன்படுத்தும் செயலிகள் தாமாகவே பெருத்துக்கொண்டு போவதும் உண்டு. நாலு வருடம் முன்பு ராமில் ஐந்து செயலிகள் ஒன்றாக நின்ற இடத்தில் இன்று மூன்றுதான் நிற்கும். வெளியே தள்ளப்பட்டதை மறுபடி திறக்கும்போது ஆரம்பத்திலிருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தக் கனம் இரண்டு போனுக்கும் பொதுவானது. வேண்டுமென்றே சிப்பை மந்தமாக்குகிறார்களா என்று 2017 அக்டோபரில் 3டிமார்க் என்ற கிராபிக்ஸ் வேகச் சோதனையை நடத்தும் ப்யூச்சர்மார்க் நிறுவனமும் தன்னிடம் குவிந்திருந்த ஐபோன் முடிவுகளை வெர்ஷன் வாரியாகப் பார்த்தது. கிராபிக்ஸ் வேகம் ஏறக்குறைய மாறாமலே இருந்தது. புது வெர்ஷன் வந்தாலே எல்லாப் பழைய போனும் மந்தமாக்கப்படுகிறது என்ற எண்ணத்துக்கு அதில் ஆதாரம் இல்லை.

நீங்கள் கேட்ட மூன்றும்

பழைய வெர்ஷனுக்குத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆப்பிள் புது வெர்ஷன் வந்து சில வாரங்களில் பழையதற்கு அனுமதி வழங்குவதை நிறுத்திவிடும், அதன் பிறகு முயன்றாலும் நிறுவ முடியாது. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் பின்வாங்குவதைத் தடுக்கும் பூட்டு உண்டு, அதை மீறப் போனால் போன் திரும்ப எழாமல் போகலாம். முடிகிற போனில்கூட உள்ளிருப்பது முழுவதும் அழியும். இவ்வளவு செய்தும் பேட்டரியின் உள்தடை குறையப் போவதில்லை. மந்தம் போய், அணைந்துபோவது அடிக்கடி வரும், அவ்வளவுதான்.

அப்டேட்டே வேண்டாம் என்பதும் சரியில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் சின்ன அப்டேட்டுகளை உடனுக்குடன் போடுங்கள், அவற்றால் போன் கனப்பது அரிது. வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய வெர்ஷனை மட்டும், அதுவும் போன் பழசு என்றால், சில வாரம் பொறுத்து, அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடலாம். பெரிய வெர்ஷனைப் போடாமல் இருந்தாலும் செயலிகள் தனியாக அப்டேட் ஆகி கனத்துக்கொண்டேதான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புகார் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கம்பெனிகள் எதற்காகத் தண்டிக்கப்பட்டன என்று தெரிந்தால்தான் உங்கள் புகாரில் எதை எழுதுவது என்று தெரியும். 2020 பிப்ரவரியில் பிரான்சின் நுகர்வோர் அமைப்பு ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அங்கே திட்டமிட்டுப் பொருளின் ஆயுளைக் குறைப்பதைக் குற்றமாக்கும் சட்டமே இருக்கிறது. ஆனாலும் அபராதம், அப்டேட் வேகத்தைக் குறைக்கக்கூடும் என்று பயனர்களிடம் சொல்லாமல் விட்டதற்காகத்தான். அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை தருவதாக ஆப்பிள் சமரசம் செய்தது, ஆனால் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. இத்தாலி ஒரு படி மேலே போனது. 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. புது மாடல்களுக்காகத் தயாரித்த வெர்ஷனை, என்ன பாதிப்பு வரும் என்று சொல்லாமல் ஐபோன் 6, கேலக்சி நோட் 4 பயனர்களைப் போடும்படி விடாமல் வற்புறுத்தியதும், அதனால் வேகம் குறைந்து அவர்கள் போனை மாற்றும் நிலை சீக்கிரம் வந்ததும் முறையற்ற வணிகம் என்றது. மூன்று நாடுகளின் கதையிலும் பொதுவாக இருப்பது பயனரிடம் மறைத்ததுதான்.

அந்த மௌனத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். பேட்டரி மாற்றினால் போதும் என்று தெரிந்திருந்தால் அந்த ஒரு வருடத்தில் எத்தனையோ பேர் புது போன் வாங்கியிருக்க மாட்டார்கள். வெளியே தெரிந்த பிறகுதான் ஆப்பிள் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது, பேட்டரி நிலையைக் காட்டும் பக்கத்தையும் வரம்பை அணைக்கும் வசதியையும் 2018 மார்ச்சில் கொடுத்தது. பாதுகாப்புக்காக வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் குறைத்ததும் உண்டு. கூகுள் 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்கள் சிலவற்றின் பேட்டரி கொள்ளளவையும், ஜூலையில் பிக்சல் 6ஏ போன்கள் சிலவற்றில் 400 சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு கொள்ளளவையும் சார்ஜ் வேகத்தையும் அப்டேட் மூலம் குறைத்தது. பேட்டரி அதிகம் சூடாகும் ஆபத்துதான் காரணம். பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச பேட்டரி மாற்றமோ ஈட்டுத்தொகையோ தருவதாகவும் அறிவித்தது. உங்கள் மாடலுக்கு இப்படி ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இருந்தால் காசில்லாமலே வேலை முடியலாம்.

அதனால் புகாரில் "புதுசு வாங்க வைக்கச் சதி செய்கிறீர்கள்" என்று எழுத வேண்டாம். அதை உங்களால் நிரூபிக்க முடியாது, எளிதாக மறுத்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இந்த வெர்ஷனில் பேட்டரி நிலையைப் பொறுத்து வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறதா? என் போனில் அது இயங்குகிறதா? அதை எங்கே அறிவித்தீர்கள்? பேட்டரி மாற்றினால் நீங்குமா? கூடவே இரண்டு போனின் மதிப்பெண்களையும், அணைந்துபோன தேதிகளையும், வெர்ஷன் எண்ணையும் இணையுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டாலோ மழுப்பினாலோ, உங்கள் நாட்டு நுகர்வோர் அமைப்பிடம் போக அதுவே ஆதாரம்.

பேட்டரி மாற்றுவதென்றால்

சோதனை பேட்டரியைக் காட்டினால், புதுசு வாங்கும் செலவில் சிறு பங்கில் வேலை முடியும். நிறுவனத்தின் சேவை மையமோ, அதன் உதிரிபாகத்தைப் பயன்படுத்தும் கடையோ நல்லது. மலிவான போலி பேட்டரியில் கொள்ளளவு எழுதியபடி இருக்காது என்பதோடு உள்தடையும் ஆரம்பத்திலேயே அதிகமாக இருக்கலாம். அப்படியானால் சில மாதத்தில் மறுபடி இதே மந்தம் வந்து, அப்டேட்டைத்தான் திட்டுவீர்கள். மாற்றும் வரை கனமான வேலைகளை 50 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது செய்யுங்கள். திரை ஓரத்தில் தூக்கினாலோ பின்மூடி உப்பினாலோ சோதனையெல்லாம் வேண்டாம். சார்ஜ் போடுவதை நிறுத்தி, அழுத்தாமல் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

புதிய பேட்டரி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, அதே சோதனையை அதே முறையில் மறுபடி ஓட்டுங்கள். மதிப்பெண் கணவரின் போனை எட்டினால் உங்கள் சந்தேகம் தீர்ந்தது. நல்ல பேட்டரி, குளிர்ச்சியான போன், முழு சார்ஜ் எல்லாம் இருந்தும் மதிப்பெண் கணவரின் போனைவிட 30, 40 சதவீதம் கீழேயே நின்றால், முதலில் போர்டில் பழுது இருக்கிறதா என்று சேவை மையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை என்றால் உங்கள் தம்பியின் கேள்வியை நானும் சேர்ந்து கேட்பேன். அந்த எண்களை எனக்கும் அனுப்புங்கள், புகார்க் கடிதத்தை எப்படி எழுதுவது என்று அடுத்த பதிலில் பார்க்கலாம்.